ஸ்டில்ட் + 3 மாடி அடுக்ககம்: மாடிப்படியில் புகை ஏறாமல் இருக்க என்னென்ன செய்யலாம்?

சென்னையில் தெருவுக்குத் தெரு பார்க்கும் கட்டடம்தான் இது. கீழே தூண்கள், வண்டி நிறுத்தம். மேலே மூன்று மாடி, ஆறு வீடு. ஏறி இறங்க ஒரே மாடிப்படி. அதன் அடியில் ஈ.பி. மீட்டர் போர்டு. போர்டை ஒட்டி ஸ்கூட்டர்கள். ஓரமாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஒரு மின்ஸ்கூட்டர் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்.

நள்ளிரவில் அந்தப் போர்டில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தீ மூன்றாம் மாடிக்கு வர நேரம் பிடிக்கும். புகைக்கு அவ்வளவு நேரம் வேண்டாம். சூடான புகை மேலேதான் போகும். மாடிப்படி அதற்குப் புகைபோக்கி மாதிரி. ஒயர் உறையும் வண்டி சீட்டும் எரிந்து வரும் அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். சில மூச்சிலேயே ஆள் தடுமாறிவிடுவார். அதனால் வேலையைப் படிக்கட்டிலிருந்தே தொடங்குங்கள்.

1. படிக்கட்டைக் காலி செய்யுங்கள்

மீட்டர் போர்டுக்கு முன்னும் பக்கத்திலும் வண்டி, பழைய பேப்பர், பெயின்ட் டப்பா எதுவும் கூடாது. மின்ஸ்கூட்டர் சார்ஜிங்கைப் படிக்கட்டை விட்டுத் தள்ளி, காம்பவுண்டு சுவர்ப் பக்கம் தனி லைன் இழுத்து வையுங்கள். லித்தியம் பேட்டரி பற்றிக்கொண்டால் பவுடர் அடித்து அணைத்தாலும் மறுபடி பற்றும். அதைப் படிக்கட்டு வாயிலில் வைத்திருப்பது வம்பு. செருப்பு ஸ்டாண்ட், சைக்கிள், துளசித் தொட்டி எல்லாம் லேண்டிங்கிலிருந்து போக வேண்டும். சண்டை வரும், வரட்டும்.

2. மேலே புகைக்கு வழி விடுங்கள்

மொட்டைமாடிக்குப் போகும் ஹெட்ரூமில் ஜன்னலோ ஜாலியோ இருக்கும். சாரல் அடிக்கிறது என்று பல இடங்களில் அதை ஷீட் போட்டு அடைத்துவிடுகிறார்கள். அடைத்தால் புகை வெளியேற வழியின்றி மேலிருந்து கீழே நிரம்பிக்கொண்டே வரும். முதலில் மாட்டுவது மூன்றாம் மாடி வீடுகள்தான். ஷீட்டை எடுத்துவிட்டு, சாய்வான தகடுகள் வைத்த லூவர் ஜன்னல் போடுங்கள். மழைக்கும் ஆச்சு, புகைக்கும் ஆச்சு. மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு வேண்டாம், உள்பக்கத் தாழ்ப்பாள் போதும். திருட்டு பயம் இருந்தால், வெளியிலிருந்து திறக்க முடியாமல் உள்ளிருந்து சாவி இல்லாமலே திறக்கும்படியான பூட்டு மாட்டுங்கள்.

3. ஒயரிங்: சூட்டை நம்புங்கள்

ஒரு கணக்கு. 1.5 டன் ஏசி ஏறத்தாழ 8 ஆம்பியர் இழுக்கும். 2 கிலோவாட் கீசர் ஏறத்தாழ 9 ஆம்பியர். இரண்டும் ஒரே 2.5 சதுர மி.மீ. லைனில் இருந்தால் 17 ஆம்பியர். லோடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 16 ஆம்பியர் எம்சிபி அவ்வப்போது விழலாம். வந்த எலக்ட்ரீஷியன் "32 போட்டுடலாம் சார், விழாது" என்பார். விழாதுதான்; அதற்குப் பதில் சுவருக்குள் ஒயர் சூடாகும். எம்சிபி காப்பது ஒயரை, ஏசியை அல்ல. ஏசிக்குத் தனி லைன் இழுப்பதுதான் சரி.

நீங்களே செய்யக்கூடிய சோதனையும் உண்டு. ஏசி அரை மணி நேரம் ஓடியபின் அணைத்து, பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு, சாக்கெட்டில் பழுப்புக் கறை, மீன் நாற்றம் போன்ற வாடை: இதில் எது இருந்தாலும் உள்ளே இணைப்பு தளர்ந்திருக்கலாம். எலக்ட்ரீஷியன் வரும்வரை அதைப் பயன்படுத்த வேண்டாம். மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வீட்டு போர்டில் இல்லையென்றால் மாட்டுங்கள்.

4. எக்ஸ்டிங்விஷர் எங்கே?

மீட்டர் போர்டுக்குப் பக்கத்திலேயே மாட்டுவது வழக்கம், ஆனால் தவறு. தீப்பிடித்தபின் அங்கே கை நீட்ட முடியாது. வாசல் கேட்டருகே ஒன்று, இரண்டாம் மாடி லேண்டிங்கில் ஒன்று என 6 கிலோ ஏபிசி பவுடர் வையுங்கள். கேஜ் முள் பச்சையில் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்; சர்வீஸ் ஆண்டுதோறும்.

பயன்படுத்தும்போது முடிந்தால் முதலில் மெயினை அணையுங்கள். வெளியேறும் வழி முதுகுப் பக்கம் இருக்கும்படி சில அடி தள்ளி நின்று, பின்னை இழுத்து, தீயின் அடியைக் குறிவைத்து இடவலமாக வீசுங்கள். பவுடர் கால் நிமிடம் வருவதே அதிகம். அதற்குள் அடங்கவில்லையென்றால் வெளியே ஓடுங்கள்.

5. படிக்கட்டில் ஏற்கெனவே புகை இருந்தால்

கதவைத் திறக்குமுன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தாலோ, இடுக்கு வழியே கரும்புகை வந்தாலோ திறக்காதீர்கள். மூன்றாம் மாடிக்காரர்கள் மொட்டைமாடிக்கு ஓட நினைப்பார்கள். அதற்குப் போகும் படிக்கட்டின் உச்சியில்தான் புகை தங்கியிருக்கும். ஈரத் துண்டைக் கதவடியில் அடைத்து, தெருப்பக்க பால்கனிக்குப் போய், 101-ஐ அழையுங்கள். முகவரியோடு பக்கத்துக் கோயில், பஸ் ஸ்டாப் ஏதாவது அடையாளமும், மேலே எத்தனை பேர் மாட்டியிருக்கிறார்கள் என்பதும் சொல்லுங்கள். கீழே இறங்கிவிட்டவர்களுக்கு அப்போது ஒரே வேலைதான்: தெருமுனையில் நிறுத்தியிருக்கும் கார்களை நகர்த்தச் சொல்வது. குறுகிய தெருவில் தீயணைப்பு வண்டி முனையிலேயே நின்றுவிட்டால், அங்கிருந்து ஹோஸ் இழுத்து வர வேண்டியிருக்கும்.