வேகப்பந்து வீச்சாளரின் சாப்பாடு: ஓவரை எண்ணித் தட்டை நிரப்புவது எப்படி?

ரஞ்சிக் கோப்பை மாதிரியான நான்கு நாள் ஆட்டத்தில் ஒரு நாளைக்கு 90 ஓவர். அதில் ஒரு வேகப்பந்து வீச்சாளர் தனியாக 18, 20 ஓவர் வீச வேண்டி வரலாம். அடுத்த நாள் அணி பேட்டிங் செய்தால் நாள் முழுக்க ஓய்வறையில் உட்கார்ந்திருப்பார். ஆட்டம் முடிந்ததும் ரயில், பிறகு வலைப்பயிற்சி, பிறகு இன்னொரு ஊர். இத்தனை மாறினாலும் பல இளம் பந்துவீச்சாளர்களின் தட்டு மட்டும் மாறுவதே இல்லை. இன்னும் சொல்லப்போனால் தலைகீழாக மாறுகிறது. 20 ஓவர் வீசிய நாளில் வெயிலில் பசி செத்துப்போய்க் கொஞ்சமாகச் சாப்பிடுகிறார்கள், ஓய்வு நாளில் பிரியாணியை வெட்டுகிறார்கள்.

இதைச் சரி செய்ய ஒரே விதிதான் தேவை. புரதம் தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கட்டும். மாவுச்சத்து வேலைக்கு ஏற்ப ஏறி இறங்கட்டும்.

விளக்க வசதிக்காக 75 கிலோ எடையுள்ள ஒரு பந்துவீச்சாளரை எடுத்துக்கொள்வோம். சென்னையில் இருக்கிறார். செவ்வாய் கடுமையான வலைப்பயிற்சி, புதன் கோயம்புத்தூருக்கு ரயில், வியாழன் லேசான பயிற்சி, வெள்ளி முதல் நான்கு நாள் ஆட்டம்.

படி 1: உங்கள் எண்களைக் கண்டுபிடியுங்கள்

கடுமையான நாளுக்கு ஒரு கிலோ எடைக்கு 7 கிராம் மாவுச்சத்து. இவருக்கு 525 கிராம். ஓய்வு நாளுக்குக் கிலோவுக்கு 4 கிராம், அதாவது 300 கிராம். பயண நாள் இரண்டுக்கும் நடுவில், கிலோவுக்கு 5. புரதம் எல்லா நாளும் கிலோவுக்கு 1.8 கிராம், இவருக்கு 135.

சமையலறையில் தராசு வைத்து வாழ முடியாது. அதனால் 30 கிராம் மாவுச்சத்தை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று இட்லி ஒரு பங்கு. முக்கால் கப் சோறு ஒரு பங்கு. சின்னச் சப்பாத்தி என்றால் இரண்டு. பெரிய வாழைப்பழம் ஒன்று. ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல். எல்லாம் தோராயம்தான், ஆனால் போதும். கடுமையான நாளுக்கு 17 அல்லது 18 பங்கு, பயண நாளுக்கு 12 அல்லது 13, ஓய்வு நாளுக்கு 10.

படி 2: கடுமையான பயிற்சி நாள்

செவ்வாய்க்கிழமை காலை 7 மணிக்கு நெட்ஸ். 6 மணிக்கு ஒரு வாழைப்பழமும் ஜாம் தடவிய இரண்டு பிரெட்டும், இது 2 பங்கு. வெறும் வயிற்றில் பந்து வீசும் பழக்கம் இருந்தால் இங்கேயே நிறுத்திவிடுங்கள். பயிற்சியின்போது அரை லிட்டர் ஊக்கபானம், 1 பங்கு. பத்து மணிக்கு ஆறு இட்லி, சாம்பார், மூன்று முட்டை, சர்க்கரை போட்ட ஒரு டம்ளர் பால், 3 பங்கு. மதியம் மூன்று கப் சோறும் கோழிக்குழம்பும், 4 பங்கு. மாலையில் சுண்டலும் வாழைப்பழமும், 2 பங்கு. இரவு நான்கு சப்பாத்தி, பன்னீரோ மீனோ, அப்புறம் ஒன்றரைக் கப் தயிர்ச்சோறு, 4 பங்கு. தூங்கும் முன் பாலும் ஐந்து பேரீச்சையும், ஒன்றரைப் பங்கு. மொத்தம் பதினேழரை.

புரதத்தைத் தனியாக எண்ண வேண்டிய அவசியம் இருக்காது. ஒவ்வொரு வேளையும் முட்டை, கோழி, மீன், பன்னீர், பருப்பு, தயிர் இவற்றில் ஏதாவது ஒன்று நல்ல அளவில் இருந்தால் 135 கிராம் வந்துவிடும். மூன்று வேளைப் புரதத்தை இரவில் ஒரே தட்டில் கொட்டுவதைவிட நாலைந்து தடவையாகப் பிரிப்பது தசைக்கு நல்லது.

இதே பட்டியலை ஓய்வு நாளுக்கு மாற்ற, பயிற்சிக்கு முந்தைய பிரெட், ஊக்கபானம், இரவுத் தயிர்ச்சோறு, பேரீச்சை நான்கையும் எடுத்துவிட்டு மதியச் சோற்றைப் பாதியாக்குங்கள். காலியான இடத்தைக் கீரையும் காய்கறியும் பிடிக்கட்டும். முட்டையையும் கோழியையும் குறைக்காதீர்கள். முந்தைய நாள் வீசிய ஓவர்களின் பழுது அன்றைக்குத்தான் பார்க்கப்படுகிறது.

படி 3: பயண நாள்

காலையில் சென்ட்ரலிலிருந்து புறப்படும் கோவை எக்ஸ்பிரஸைப் பிடித்தால் மதியம் இரண்டு மணி வாக்கில்தான் கோயம்புத்தூர். கிட்டத்தட்ட எட்டு மணி நேரம். கவனிக்காமல் விட்டால் அது வடை, சிப்ஸ், காபி என்று போய்விடும். மாவுச்சத்தும் சேராது, புரதமும் சேராது, எண்ணெய் மட்டும் சேரும்.

அதனால் முந்தைய இரவே கட்டிவிடுங்கள். அவித்த முட்டை மூன்று. வெயில் ஏறும் முன், ஏழு மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். பதினொரு மணிக்குப் புளிசாதம் இரண்டு கப். வெளியில் எட்டு மணி நேரம் தயிர்ச்சோறு தாங்குவது சந்தேகம், புளிசாதம் தாங்கும். நடுவில் கொறிக்க வாழைப்பழம், கடலை மிட்டாய், வறுத்த வேர்க்கடலை. சீல் உடைக்காத தண்ணீர் இரண்டு லிட்டர். நறுக்கி வைத்த பழம், தேங்காய்ச் சட்னி, தண்ணீர் கலந்த மோர் இவற்றை வழியில் வாங்க வேண்டாம். ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு வயிற்றுப்போக்கு வந்தால் வெள்ளிக்கிழமை பந்தை மறந்துவிட வேண்டியதுதான்.

விடுதிக்குப் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை, காலை உணவு எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று கேட்பது. ஏழரைக்குத்தான் என்றால் ஆட்ட நாளுக்கு அது ஆகாது. அன்றே பேசி ஆறே முக்காலுக்கு இட்லி ஏற்பாடு செய்துவிடுங்கள், அல்லது பிரெட், ஜாம், பழம் வாங்கி அறையில் வையுங்கள்.

வியாழன் பயிற்சி லேசானது என்றாலும் அன்றைக்கு 17 பங்கு சாப்பிட வேண்டும். இந்த வாரத்தில் ஓவர் எண்ணிக்கையை மீறிச் சாப்பிடும் ஒரே நாள் அதுதான். தசையில் சேமிப்பு நிரம்பியிருந்தால்தான் மறுநாள் மூன்றாவது ஸ்பெல்லுக்குக் கால் வரும்.

படி 4: ஆட்ட நாள்

ஆட்டம் ஒன்பதரைக்கு, டாஸ் ஒன்பது மணிக்கு. காலை உணவின்போது முதலில் பந்து வீசுவோமா என்பது தெரியாது. வீசப் போகிறோம் என்றே சாப்பிடுங்கள். ஆறே முக்காலுக்கு ஆறு இட்லி, இரண்டு முட்டை, தேன் தடவிய இரண்டு பிரெட், ஒரு வாழைப்பழம். நெய் ஒழுகும் பொங்கலும் வடையும் இன்று வேண்டாம். கொழுப்பு வயிற்றில் நெடுநேரம் நிற்கும், ஓடி வரும்போது அது தெரியும். வழக்கமாகக் காபி குடிப்பவர் குடிக்கலாம்.

டாஸ் முடிந்து பீல்டிங் என்று தெரிந்ததும் இன்னொரு பாதி வாழைப்பழம். பேட்டிங் என்றால் அது வேண்டாம், சர்க்கரைப் பானமும் வேண்டாம். தண்ணீரும் வழக்கமான மதிய உணவும் போதும்.

களத்தில் இருக்கும்போது மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை குடிப்பதை இலக்காக வையுங்கள். டிரிங்க்ஸ் பிரேக் வரை காத்திருந்தால் இது நடக்காது. உங்கள் ஓவர் முடிந்து பைன் லெக்குக்குப் போகும்போது எல்லைக்கோட்டுக்கு வெளியே பாட்டில் தயாராக இருக்க வேண்டும். பன்னிரண்டாவது ஆட்டக்காரரிடம் காலையிலேயே சொல்லி வையுங்கள். பானத்தை நீங்களே கலக்கலாம்: ஒரு லிட்டர் தண்ணீர், 60 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, ஓர் எலுமிச்சை. ஓஆர்எஸ் பாக்கெட்டில் உப்பு அதிகம், சர்க்கரை மிகக் குறைவு. சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படியும் ஆளுக்கு அது உதவும், ஆனால் பந்து வீசத் தேவையான சக்தியை அது மட்டும் தராது.

பதினொன்றரைக்கு மதிய உணவு, 40 நிமிடம். இடைவேளை முடிந்ததும் உங்கள் கையில் பந்து வரலாம் என்பதால் ஒன்றரைக் கப் தயிர்ச்சோறு, ஊறுகாய், மசாலா குறைந்த இரண்டு மூன்று துண்டு கோழி. என் கணக்கில் நம் ஊர் பந்துவீச்சாளருக்கு இதைவிடப் பொருத்தமான உணவு கிடையாது. சக்தி, உப்பு, நீர், கொஞ்சம் புரதம் எல்லாம் அதில் இருக்கிறது, எளிதில் இறங்கியும் விடும். தேநீர் இடைவேளையில் வாழைப்பழமும் ஒரு கடலை மிட்டாயும்.

நாலரைக்கு ஆட்டம் முடிந்ததும்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். பசிக்காது. ஐஸ் குளியல், மசாஜ், பேருந்து என்று இரவு எட்டு மணி ஆகிவிடும். மென்று தின்ன முடியாதபோது குடித்துவிடுங்கள். அரை லிட்டர் பாலில் இரண்டு வாழைப்பழம் அடித்தால் 75 கிராம் மாவுச்சத்து, கூட இரண்டு முட்டை சேர்ந்தால் 30 கிராம் புரதம். ஆட்டம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் இது உள்ளே போகட்டும். காலையில் மறுபடி வீச வேண்டியிருக்கிறதே. இரவு உணவு 4 பங்குக்குக் குறையக் கூடாது.

படி 5: வியர்வையை அளந்து பாருங்கள்

2001-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், உடல் எடையில் சுமார் 2.8 சதவீதம் நீரை இழந்த பந்துவீச்சாளர்களுக்கு வேகம் குறையவில்லை, துல்லியம்தான் கெட்டது. ஆபத்து அதில்தான் இருக்கிறது. பந்து வேகமாகத்தானே போகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், ஆனால் லைன் காலுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

காலை ஆட்டத்துக்கு முன் எடை 75.0 கிலோ. மதிய இடைவேளையில் ஈரத்தைத் துடைத்துவிட்டு, உலர்ந்த உடையில் மறுபடி பார்த்தால் 73.9. நடுவில் 900 மில்லி குடித்திருக்கிறார். அப்படியென்றால் இரண்டு மணி நேரத்தில் வியர்வை இரண்டு லிட்டர், மணிக்கு ஒரு லிட்டர். எடை இழப்பு ஒன்றரைச் சதவீதம். இதே போக்கில் விட்டால் மாலைக்குள் 2.8-ஐத் தாண்டிவிடும். இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை, உப்புள்ள உணவோடு சேர்த்து, மெதுவாகத் திரும்ப ஏற்ற வேண்டும். மாறாக எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராக ஊற்றுவது ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து ஆபத்தில் விடும்.

படி 6: சீசன் முழுக்கக் கவனிக்க வேண்டியவை

வாரத்தில் இரண்டு காலை, கழிப்பறை போய் வந்தபின் எடையைக் குறித்து வையுங்கள். மூன்று வாரம் தொடர்ந்து இறங்கினால், கூடவே சளி அடிக்கடி பிடித்தால், தூக்கம் கெட்டால், சாப்பாடு வேலைக்குப் போதவில்லை. தினமும் 2 பங்கு கூட்டுங்கள். அது பெரும்பாலும் மாலைப் பாலிலும் இரவுச் சோற்றிலும் சேர்வதுதான் எளிது.

உணவுப் பற்றாக்குறை நீடித்தால் எலும்பும் பலவீனமாகும். வேகப்பந்து வீச்சாளருக்கு அது பெரும்பாலும் கீழ் முதுகில், பந்து வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில் விரிசலாக வெளிப்படும். பால், தயிர், கேழ்வரகு, நெத்திலி என்று கால்சியம் தினமும் இருக்கட்டும். வைட்டமின் டி அளவைச் சீசன் தொடங்கும் முன் ரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொள்ளுங்கள். வலக்கைப் பந்துவீச்சாளருக்கு இடப்பக்கக் கீழ் முதுகில், பின்னால் வளையும்போது வலி கூடினால் அன்றே பந்து வீசுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ஸ்கேன் எடுக்கச் சொன்னால் எடுங்கள். அந்த வலியைச் சாப்பாட்டால் சரி செய்ய முடியாது.