வாசலைத் தாண்டியதும் வீடியோ கால் ஏன் அறுந்துபோகிறது? சரிசெய்வது எப்படி?

வீட்டு வைஃபையில் அம்மாவிடம் வீடியோ காலில் பேசிக்கொண்டே படியிறங்கித் தெருவுக்கு வருகிறீர்கள். கேட் பக்கத்தில் படம் அப்படியே உறைந்து நிற்கிறது. "Reconnecting" என்று வருகிறது. சில சமயம் கால் ஒரேயடியாகக் கட்டாகிவிடுகிறது. ஆனால் அதே போனில் மொபைல் டேட்டாவில் பேசியபடி தாம்பரத்திலிருந்து கிண்டிக்குப் பஸ்ஸில் போனால், வழியில் எத்தனையோ டவர் மாறியும் பேச்சு பெரும்பாலும் அறுவதில்லை. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

என்ன நடக்கிறது?

இணையத்தில் இருக்கும் ஒவ்வொரு போனுக்கும் ஒரு ஐபி முகவரி உண்டு. எதிர்முனையிலிருந்து வரும் குரலும் படமும் அந்த முகவரிக்குத்தான் வந்து சேரும். டவர் விட்டு டவர் மாறும்போது நிறுவனம் ஒன்றே என்பதால், அவர்களுடைய நெட்வொர்க் உங்கள் முகவரியை மாற்றாமல் வைத்துக்கொள்கிறது. கால் நடத்தும் ஆப்புக்கு டவர் மாறியதே தெரியாது.

வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறுவது அப்படியல்ல. வைஃபையில் உங்கள் ரவுட்டர் கொடுத்த முகவரி, உதாரணமாக 192.168.1.7, இருந்திருக்கும். மொபைல் டேட்டாவில் சிம் நிறுவனம் தரும் முகவரி முற்றிலும் வேறு. பழைய முகவரிக்கு வந்துகொண்டிருந்த குரலும் படமும் இனி உங்களை வந்தடையாது. ஆப் புது முகவரியைக் கண்டுபிடித்து, அதை எதிர்முனைக்குச் சொல்லி, புது வழியைச் சோதித்துப் பார்த்த பிறகே பேச்சு தொடரும். நல்ல ஆப் இதைச் சில விநாடிகளில் முடித்துவிடும். குரல் முதலில் திரும்பிவரும், படம் சற்றுத் தாமதமாக வரும். வீடியோவில் ஒவ்வொரு முறையும் முழுப் படத்தை அனுப்புவதில்லை, முந்தைய படத்திலிருந்து மாறியதை மட்டும் அனுப்புகிறார்கள். அதனால் இடையில் அறுந்தால் புதிதாக ஒரு முழுப் படம் வரும்வரை திரை உறைந்தே இருக்கும்.

சில விநாடிகளில் சரியாக வேண்டியது ஏன் அரை நிமிடம் இழுக்கிறது? காரணம் பெரும்பாலும் மாற்றத்துக்கு முந்தைய நேரம். கேட் அருகே வைஃபை ஒரு கோடு மட்டும் காட்டும். ரவுட்டரின் சத்தம் போனுக்கு மெல்லக் கேட்கிறது, போனின் சத்தம் ரவுட்டருக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. இருந்தாலும் இணைப்பு இருப்பதாகவே போன் நினைத்து, அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த நேரம் முழுக்க நீங்கள் பேசுவது எங்கும் போகாது. பல ஆப்கள் பயன்படுத்தும் வெப்ஆர்டிசி என்ற முறையில், எதிர்முனையிலிருந்து 30 விநாடி எந்தப் பதிலும் வராவிட்டால் அந்த வழியில் அனுப்புவதை நிறுத்திவிட வேண்டும் என்பது விதி.

ஆக, நாம் குறைக்க வேண்டியது இந்தத் தொங்கும் நேரத்தைத்தான்.

படி 1: உங்கள் போனில் எது கோளாறு என்று பாருங்கள்

மொபைல் சிக்னல் நன்றாக உள்ள இடத்தில் நின்று, வைஃபையில் ஒரு வீடியோ கால் போடுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே வைஃபையைக் கையால் அணையுங்கள். பேச்சு திரும்ப எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். அப்புறம் வைஃபையைப் போட்டு, காலில் பேசிக்கொண்டே வாசலுக்கு நடந்து போய் அதேபோல எண்ணுங்கள்.

கையால் அணைத்தபோது சட்டென்று திரும்பி, நடந்தபோது மட்டும் நீண்ட நேரம் தொங்கினால், போன் வைஃபையை விட மறுப்பதுதான் பிரச்சினை. இரண்டிலுமே கால் திரும்பவில்லை என்றால் மொபைல் பக்கத்தைப் பாருங்கள். டேட்டாவைச் சேமிக்க அதை அணைத்து வைத்திருப்பீர்கள், அல்லது அந்த ஆப்புக்கு மட்டும் மொபைல் டேட்டா தடுக்கப்பட்டிருக்கும். ஐபோனில் Settings-ல் மொபைல் டேட்டா பக்கத்தில் இருக்கும் ஆப் பட்டியலில் இது தெரியும். ஆண்ட்ராய்டில் அந்த ஆப்பின் App info பக்கத்தில் பார்க்கலாம்.

படி 2: வெளியே போகப்போகிறீர்களா? முதலில் வைஃபையை அணையுங்கள்

எந்த அமைப்பையும் விட இதுதான் அதிகம் பலன் தரும். நடந்துகொண்டே பேசப்போகிறோம் என்று தெரிந்தால், வைஃபையை அணைத்துவிட்டுக் காலைத் தொடங்குங்கள். முகவரி மாற வேண்டிய அவசியமே வராது. பேச்சின் நடுவில் கிளம்ப நேர்ந்தால், "ஒரு நிமிஷம், நெட் மாத்துறேன்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குள் நிற்கும்போதே அணையுங்கள். சில விநாடி இடைவெளியோடு முடிந்துவிடும்.

ஐபோனில் Control Center-ல் வைஃபை படத்தைத் தட்டினால் வைஃபை முழுதாக அணைவதில்லை. இருக்கும் இணைப்பு மட்டும் துண்டிக்கப்படும். வேறு இடத்துக்குப் போனாலோ, காலை 5 மணி ஆனாலோ மறுபடி தானாக இணையும். காலுக்கு மட்டும் விலக்கி வைக்க இது வசதி.

வீடு திரும்பும்போதும் இதே கதைதான். மொபைல் டேட்டாவில் நன்றாகப் பேசிக்கொண்டு வருவீர்கள். தெருமுனையிலேயே வீட்டு வைஃபையின் மெல்லிய சிக்னலைப் பிடித்துக்கொண்டு போன் அதற்கு மாறிவிடும். கால் முடியும்வரை வைஃபை அணைந்தே இருக்கட்டும்.

படி 3: போன் சீக்கிரம் மாற உதவும் அமைப்புகள்

சாம்சங்கில் Wi-Fi பக்கத்தின் மூன்று புள்ளி மெனுவில் Intelligent Wi-Fi, அதற்குள் Switch to mobile data. ஐபோனில் மொபைல் டேட்டா பக்கத்தின் கடைசியில் Wi-Fi Assist. இவற்றை இயக்கி வையுங்கள். வேறு போன்களில் Wi-Fi அமைப்புகளுக்குள் இதே போன்ற பெயரில் தேடுங்கள். ஐபோன்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஒலி, ஒளி ஓடும், மற்ற நிறுவனங்களின் சில ஆப்களுக்கு Wi-Fi Assist வேலை செய்யாது என்று ஆப்பிளே சொல்கிறது. அதனால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

ஆண்ட்ராய்டில் இன்னொன்று உண்டு. About phone-ல் Build number-ஐ ஏழு முறை தட்டினால் Developer options திறக்கும். அங்கே Mobile data always active என்பது இயக்கத்தில் இருக்க வேண்டும். வைஃபையில் இருக்கும்போதே மொபைல் இணைப்பும் தயாராக நிற்பதால் மாற்றம் வேகமாக நடக்கும். பேட்டரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். அங்கிருக்கும் மற்றவற்றைத் தொடாதீர்கள்.

கேமராவை அணைத்தால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். சிக்னல் பலவீனமாக இருந்தால் அது உண்மையிலேயே உதவும், ஏனென்றால் குரலுக்கு மிகக் குறைந்த டேட்டாவே போதும். ஆனால் முகவரி மாறுவதை அது தடுக்காது.

வீட்டுக்குள்ளேயே, மாடி ஏறும்போது அறுந்தால்

மாடியில் இரண்டாவது ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது. கீழே ஒருமுறை, மாடியில் ஒருமுறை வைஃபை விவரங்களில் IP address-ஐப் பாருங்கள். கீழே 192.168.1.7, மேலே 192.168.0.5 என்பதுபோல மூன்றாவது எண் மாறினால், மேல் ரவுட்டர் தனியாக முகவரி வழங்குகிறது. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றாக இருந்தாலும் கால் அறுவது இதனால்தான். மேல் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் Operation Mode என்பதை Access Point என்று மாற்றிச் சேமியுங்கள். இரண்டு மாடியிலும் ஒரே முகவரி இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். இருந்தால், படியேறும்போது படம் கணநேரம் தடுமாறலாம், பேச்சு அறாது.