ஒளிப்படத்தில் உள்ள ஓஎம்ஆர் தாளை வினாத்தாளுடன் வரிசை பிசகாமல் ஒப்பிடுவது எப்படி?

வினாத்தாளில் குறித்துவைத்த விடைகளும் ஓஎம்ஆர் தாளில் கருமையாக்கிய வட்டங்களும் ஒரே ஒளிப்படத்தில் பக்கம்பக்கமாக இருக்கும்போது, கண்ணை நேர்கோட்டில் நகர்த்திப் பார்த்தாலே போதும் என்று தோன்றும். பெரும்பாலான பிழைகள் அங்கேதான் தொடங்குகின்றன. படம் சற்றுச் சாய்ந்திருந்தால், இடது ஓரத்தில் 22-ஆம் வினாவுக்கு நேராகத் தெரியும் கோடு வலது ஓரத்தை அடையும்போது 23-ஆம் வரிசைக்கு இறங்கிவிடக்கூடும்.

ஆகவே முதலில் படத்தை நிமிர்த்துங்கள். தாளின் மூலைகளில் உள்ள கறுப்புச் சதுரங்களையோ தாளின் நான்கு விளிம்புகளையோ அடையாளமாகக் கொண்டு, கைபேசியின் படத்திருத்தியில் கோணத்தைச் சரிசெய்யலாம்.

அடுத்து, வினாத்தாளில் விருப்பங்கள் அ, ஆ, இ, ஈ என்றும் தாளில் வட்டங்கள் 1, 2, 3, 4 என்றும் இருந்தால், அ=1, ஆ=2, இ=3, ஈ=4 என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வினா எண்கள் குறுக்காகச் செல்கின்றனவா, ஒரு பத்தி முடிந்த பிறகு அடுத்த பத்திக்குச் செல்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

இனி ஒவ்வொரு வரிசையையும், மேலிருந்து எண்ணிவராமல், அதனருகே அச்சிட்டுள்ள வினா எண்ணை வாசித்தே அடையாளம் காணுங்கள். கருமையாக்கிய வட்டத்துக்குள் இருக்கும் எண் மறைந்துபோவதால், அந்த வரிசையில் எந்த எண்கள் இன்னும் தெரிகின்றன என்று பார்ப்பதே நம்பகமான வழி: 1, 2, 4 தெரிந்தால் நிரப்பப்பட்டது 3. பென்சிலின் பளபளப்பு வெளிச்சத்தில் வெளிறித் தெரிந்தாலும் இம்முறை பெரும்பாலும் கைகொடுக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். வினாத்தாளில் 22-க்கு ஈ, 23 விடப்பட்டது, 24-க்கு அ, 25-க்கு இ, 26-க்கு இ, 27-க்கு ஆ என்று குறித்திருக்கிறார் ஒருவர். தாளிலோ 22-இல் 4, 23-இல் 1, 24-இல் 3, 25-இல் 3, 26-இல் 2 நிரப்பப்பட்டுள்ளன. காலியாக விட்டிருக்க வேண்டிய 23-ஆம் வரிசையில் 24-இன் விடை ஏறியதால், அதன்பின் அனைத்தும் ஒரு வரிசை மேலே நகர்ந்துவிட்டன. ஆனால் 25-ஐ மட்டும் பாருங்கள்: குறித்தது இ, நிரப்பியதும் 3. அடுத்தடுத்த இரு வினாக்களுக்கும் ஒரே விடை அமைந்ததால் அது தற்செயலாகப் பொருந்துகிறது. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சரிபார்ப்பவர் இந்த 25-ஐக் கண்டு திருப்தியடைந்துவிடுவார் என்பதால், விடப்பட்ட வினாவுக்கு அடுத்துள்ள நான்கைந்து வரிசைகளைத் தொடர்ச்சியாகவே பார்க்க வேண்டும். கடைசி வினாவுக்கு விடை குறித்திருந்தும் அதன் வட்டங்கள் காலியாக இருந்தால், அதுவும் இந்த நகர்வின் அடையாளமே.

ஒரே வரிசையில் இரண்டு வட்டங்கள் கறுத்திருந்தாலோ, அழித்த தடமா நிரப்பியதா என்று ஐயம் எழுந்தாலோ, படத்தைப் பெரிதாக்கி ஊகிக்காமல் அந்த வினா எண்ணைத் தனியே குறித்து, மூலத்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.