அறை வாடகை வரம்பைப் பார்த்தீர்களா?

உங்கள் மருத்துவக் காப்பீட்டுப் பத்திரத்தில் 'அறை வாடகை: காப்பீட்டுத் தொகையில் 1%' என்று இருக்கிறதா? 5 லட்சம் ரூபாய் பாலிசி என்றால் நாளுக்கு 5,000 ரூபாய்தான். அவசரத்தில் 10,000 ரூபாய் அறையில் சேர்ந்துவிட்டால், வாடகையில் மட்டும் பிடிப்பார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் ஆகியவையும் அதே விகிதத்தில் பாதியாகும்.

எட்டு நாள் வாடகை 80,000, இந்தக் கட்டணங்கள் 2,40,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலிசியில் தொகை மீதமிருந்தும் 1,60,000 ரூபாய் உங்கள் சேமிப்பிலிருந்து போகும்! மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் ஸ்டென்ட் போன்றவற்றில் இந்தக் கழிவு கூடாது. கழித்திருந்தால் எழுத்துமூலம் கேளுங்கள்.

சேரும்போதே காப்பீட்டு மேசையில் உங்கள் வரம்புக்குள் வரும் அறையைக் கேளுங்கள். புதுப்பிக்கும்போது வாடகை வரம்பில்லாத பாலிசிக்கு மாறுவது இன்னும் நல்லது.