கனிம வேதியியல்: கடைசி மூன்று வாரங்களில் செய்யக் கூடாதவை

கனிம வேதியியல்தான் கடினம் என்பவர்கள், மூன்று வாரம் கையில் இருக்கும்போது பெரும்பாலும் p தொகுதித் தனிமங்களை எடுத்துப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்யத் தொடங்குவார்கள். முதல் தவறு அங்கேயே நடக்கிறது. அந்தப் பாடத்தில் தகவல் அதிகம், விதி குறைவு. முதல் வாரத்தில் படித்தது தேர்வு வருவதற்குள் மறந்துவிடும்.

முதல் வாரத்தை விதிகளால் ஓடும் பாடங்களுக்குக் கொடுங்கள்: எலக்ட்ரான் அமைப்பு, ஆவர்த்தனப் பண்புகள், d தொகுதி, அணைவுச் சேர்மங்கள். இங்கே ஒரு பிழை திரும்பத் திரும்ப வரும். இரும்பின் அமைப்பு 3d⁶ 4s². Fe³⁺ எழுதச் சொன்னால் பலர் மூன்று எலக்ட்ரான்களையும் 3d-யிலிருந்து எடுத்து 3d³ 4s² என்று எழுதிவிடுகிறார்கள். முதலில் போவது 4s-இல் உள்ள இரண்டும்தான், அப்புறம்தான் 3d-யிலிருந்து ஒன்று. சரியான விடை 3d⁵. இது தவறினால் பின்னால் வருவதெல்லாம் தவறும். [FeF₆]³⁻ அயனியில் F⁻ வலிமை குறைந்த ஈனி. ஐந்து எலக்ட்ரான்களும் இணையாமல் நிற்கும், காந்தத் திருப்புத்திறன் சுமார் 5.92 BM. [Fe(CN)₆]³⁻ அயனியில் CN⁻ வலிமையான ஈனி; எலக்ட்ரான்கள் இணைந்து ஒன்று மட்டும் மிஞ்சும், 1.73 BM. உங்கள் கணக்கில் 3.87 வந்தால் மூன்று இணையாத எலக்ட்ரான்கள் என்று எடுத்திருக்கிறீர்கள். உடனே 4s-ஐத் திரும்பிப் பாருங்கள்.

p தொகுதி இரண்டாம் வாரத்துக்கு. சமன்பாடுகளைப் பார்த்துப் பார்த்து எழுதுவது பயிற்சி ஆகாது. புத்தகத்தை மூடிவிட்டு, விளைபொருள்களை மட்டும் நினைவிலிருந்து எழுதுங்கள். எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நீர்த்த நைட்ரிக் அமிலத்துடன் தாமிரம் வினைபுரிந்தால் NO வரும் என்பது தெரிந்தால் போதும். நைட்ரஜன் +5-இலிருந்து +2-க்கு இறங்க மூன்று எலக்ட்ரான் வாங்குகிறது, தாமிரம் இரண்டைக் கொடுக்கிறது. ஆகவே மூன்று Cu-வுக்கு இரண்டு NO. மூன்று Cu(NO₃)₂-இல் ஆறு நைட்ரேட், NO-வில் இரண்டு நைட்ரஜன், மொத்தம் எட்டு HNO₃:

3Cu + 8HNO₃ → 3Cu(NO₃)₂ + 2NO + 4H₂O

அடர் அமிலமானால் NO₂ வரும். அப்போது நைட்ரஜன் வாங்குவது ஒரு எலக்ட்ரான்தான். அதே வழியில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஒரே நாளில் ஒரு முழுத் தொகுதியை முடிப்பதையும் நான் ஏற்க மாட்டேன். இன்று எழுதிய சமன்பாடுகளை மூன்று நாள் கழித்து வெற்றுத் தாளில் மறுபடி எழுதினால்தான் எது நின்றது, எது போனது என்று தெரியும்.

மூன்றாம் வாரம் பழைய வினாத்தாள்களுக்கு. அந்த வாரத்தில் புதுப் பாடம் வேண்டாம். தாளைத் திருத்தும்போது மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள். ஒவ்வொரு பிழையின் பக்கத்திலும் காரணத்தை எழுதுங்கள்: விளைபொருள் மறந்ததா, எலக்ட்ரான் எண்ணிக்கை பிசகியதா, கேள்வியில் இருந்த ‘நீர்த்த’, ‘அடர்’ என்ற சொல் கண்ணில் படவில்லையா? மறந்தவை வெற்றுத் தாளுக்குப் போகட்டும். எண்ணிக்கை பிசகினால் முதல் வாரப் பாடத்துக்கே திரும்புங்கள். p தொகுதியை இன்னொரு முறை படிப்பதால் அது சரியாகாது.