சிவந்த கல் எல்லாம் செம்பின் அடையாளமா?

மாங்குளத்தில் கிணறு வெட்டிய ஒரு அண்ணை, கிரவலோடு வந்த செந்நிறக் கல்லொன்றைக் கொண்டுவந்தார். "தம்பி, இதுக்குக் கீழ செம்பு கிடக்குமோ?"

கேள்வியில் பிழையில்லை; செம்பு சேரும் ஒரு வழி இதுதான். கடலடி வெடிப்புகளுக்குள் இறங்கும் நீர், கீழே இருக்கும் எரிமலைக் குழம்பால் 350 பாகை செல்சியஸ் வரை சூடாகி, பாறையிலுள்ள உலோகங்களைக் கரைத்து எடுத்துக்கொண்டு மேலே பீறிடும். அங்கே 2 பாகைக் குளிர்நீர். அதில் கலந்ததும் உலோகங்கள் கந்தகத்தோடு சேர்ந்த சல்பைட்டாகப் படிந்து மேடாகும். பெரும்பாலும் பைரைட்டு என்ற இரும்புச் சல்பைட்டு; நடுவில் செம்பு, வெளிப்புறம் நாகம். அந்த மேடு பின்னாளில் நிலத்துக்கு வந்தால், மழையும் காற்றும் பட்டு அதன் தலை துருப்பிடித்துச் சிவக்கும். அதைக் கோசான் என்பார்கள்.

ஆனால் கிரவலும் சிவப்புத்தான். இங்கேதான் பலர் முதலில் சறுக்குகிறார்கள். கிரவல் வயல்வெளி போல் பரந்து கிடக்கும். கோசான் பாறையடுக்கின் போக்கில் ஒடுங்கிய பட்டையாக ஓடும். உடைத்துப் பார்த்தால், பைரைட்டுக் கட்டிகள் கரைந்துபோன சதுரக் குழிகள் தேன்கூடு மாதிரித் தெரியும். அண்ணையின் கல்லில் உருண்டைகள்தான் இருந்தன. சுத்தக் கிரவல்!

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: உண்மையான கோசானைச் சோதித்து, செம்பு இல்லையென்று வீசிவிடுவது. பைரைட்டு துருப்பிடிக்கும்போது உண்டாகும் அமிலநீர் செம்பையும் நாகத்தையும் கழுவிக்கொண்டு போய்விடும். எஞ்சி நிற்கும் ஈயத்தையும் பேரியத்தையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது மின்காந்த அளவீடு. சல்பைட்டு மின்சாரத்தைக் கடத்தும். பென்சில்கரியான காரீயமும் நன்றாகவே கடத்தும். சமிக்ஞை வந்த உடனேயே துளையிட்டால், பென்சில்கரியைத் தோண்டி எடுக்கலாம். அதனால் ஈர்ப்பையும் அளப்பது நல்லது. திரண்டு கிடக்கும் சல்பைட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 4 கிராமைத் தாண்டும், சுற்றுப்பாறை 2.7 அளவு, காரீயம் அதைவிடக் குறைவு. கனடாவின் கிட் கிரீக் என்ற இடத்தில் 1959இல் விமான அளவீடு பல இடங்களைக் காட்டியது. நிலத்தில் மீண்டும் அளந்தபின், 1963 நவம்பரில் அவற்றில் ஒன்றைத் துளைத்தார்கள். முதல் துளையிலேயே ஏறக்குறைய 180 மீட்டருக்குச் சராசரி 1.2 சதவீதம் செம்பும் 8 சதவீதம் நாகமும் வந்தன. ஆனால் நாகச் சல்பைட்டு தானாக மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே சமிக்ஞை வராத நிலத்திலும் நாகம் இருக்கலாம்.

வன்னிக்கென்று ஒரு தவறும் உண்டு. சூடான நீர் ஏறிய வழியைப் குளோரைட்டு என்ற பச்சைக் கனிமம் காட்டும் என்று பாடநூலில் படித்துவிட்டு, இங்கே அதைத் தேடுவது. நம் அடிப்பாறை ஆழத்தில் வெந்து உருமாறிய நைஸ். அந்தச் சூட்டில் குளோரைட்டு நிலைக்காது. கோர்டியரைட்டு, கார்னெட் போன்ற வேறு கனிமங்களாக மாறிவிடும். இப்படி வெந்த நிலங்களில் ஓடை மணலை அரித்து, நாகம் கொண்ட கரும்பச்சைக் கானைட்டு மணிகளைத் தேடுவதும் உண்டு. ஒன்றிரண்டு கிடைத்தால் துள்ள வேண்டாம், பெக்மடைட்டு என்ற பெருமணிப் பாறையிலும் அது வரும். மணிகள் ஓடையில் எந்த இடத்துக்கு மேலே நின்றுபோகின்றன என்று பார்த்து, அந்த இடத்துப் பாறையைத் தட்ட வேண்டும்.