பீட்டா செல் குளுக்கோஸைத் தொட்டுப் பார்ப்பதில்லை, தின்று பார்க்கிறது

குளுக்கோஸ் வந்து, கணையத்தில் இன்சுலின் செய்யும் பீட்டா செல்லின் மேல் இருக்கும் ரிசெப்டரில் உட்காரும், உடனே உள்ளே இருந்து இன்சுலின் கொட்டும். கல்லூரி முதல் வருடத்தில் இதைப் படம் போட்டு எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். அதனால் இந்தத் தவறைச் செய்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தப் படம் தவறு. இந்த வேலையை நடத்துவது செல்லின் வெளிப்புறத்தில் இருக்கும் ரிசெப்டர் அல்ல.

ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறினால், கடத்திகள் வழியாகச் செல்லுக்குள்ளும் அதே போக்கில் ஏறும், அங்கே பெரிய தடை கிடையாது. உள்ளே குளுக்கோகைனேஸ் என்ற நொதி காத்திருக்கிறது. அது குளுக்கோஸில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டி எரிக்கும் பாதைக்கு அனுப்பும். எவ்வளவு வேகமாக அனுப்புகிறது என்பதுதான் செல்லுக்கு அளவுகோல். மற்ற பெரும்பாலான திசுக்களில் இதே வேலையைச் செய்யும் ஹெக்சோகைனேஸ், வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவிலேயே ஏறக்குறைய முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். 90 ஆனாலும் 180 ஆனாலும் அதற்கு வித்தியாசம் தெரியாது. குளுக்கோகைனேஸ் சோம்பேறி. சர்க்கரை 90 மில்லிகிராமில் இருக்கும்போது அதன் முழு வேகத்தில் சுமார் 30 சதவீதம், 144-இல் பாதி, 180-இல் 60 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. சாப்பிட்ட பிறகு சர்க்கரை எந்த வரம்புக்குள் ஏறி இறங்குமோ, சரியாக அந்த வரம்பில்தான் இதன் வேகமும் மாறுகிறது.

அதிகம் எரிந்தால் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி கூடும். ஏடிபி கூடினால் சவ்வில் இருக்கும் ஒரு பொட்டாசியம் வாசல் மூடும். பொட்டாசியம் வெளியே போக முடியாததால் செல்லின் மின்னழுத்தம் மைனஸ் 70 மில்லிவோல்ட் அளவில் இருந்து மேலே வரும், கால்சியம் வாசல் திறக்கும், உள்ளே பாயும் கால்சியம் இன்சுலின் பைகளைச் சவ்வோடு இணையவைத்து வெளியே கொட்டும்.

குளுக்கோகைனேஸ்தான் அளவுகோல் என்பதற்கு மனிதர்களிலேயே சாட்சி இருக்கிறது. அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதாகப் பிறந்தவர்களுக்கு, வெறும் வயிற்றுச் சர்க்கரை பிறந்ததில் இருந்தே சுமார் 100 முதல் 145 வரை ஏதோ ஒரு எண்ணில் நிற்கும், வருடக்கணக்கில் பெரிதாக நகராது. அவர்களுடைய கணையம் களைத்துப்போகவில்லை. சாப்பிட்டால் இன்சுலின் வருகிறது, சர்க்கரையும் இறங்குகிறது, ஆனால் பழைய 120-க்கே வந்து நிற்கிறது. தராசின் முள் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். இது தெரியாமல் சாதாரண நீரிழிவு என்று நினைத்து மாத்திரை கொடுத்தால், எண் அசையாது. பின்னால் மரபணுப் பரிசோதனை செய்து மாத்திரையை நிறுத்தினாலும் எண் அசையாது. கர்ப்ப காலம் மட்டும் தனிக் கணக்கு.

கிளிபென்கிளமைடு போன்ற நீரிழிவு மாத்திரைகள் சாப்பிட்டுவிட்டு உணவைத் தவிர்த்தால் ஏன் சர்க்கரை தாழ்கிறது என்பதும் இங்கேதான் புரியும். அவை பொட்டாசியம் வாசலை நேராகப் பிடித்து மூடிவிடுகின்றன, அளவுகோலைக் கேட்பதே இல்லை.

அடுத்த தவறு, சர்க்கரை சட்டென்று ஏறினால் இன்சுலின் இரண்டு கட்டமாக வருவதைப் பற்றியது. "முதல் கட்டத்தில் வருவது சேமித்து வைத்த இன்சுலின், இரண்டாம் கட்டத்தில் வருவது புதிதாகச் செய்த இன்சுலின்." கேட்க அழகாக இருக்கும், நேரக் கணக்குதான் இடிக்கும். இரண்டாம் கட்டம் பத்தாவது நிமிடத்தை ஒட்டியே ஆரம்பித்துவிடுகிறது. ஒரு இன்சுலின் மூலக்கூறு தயாராகி, பையில் அடைபட்டு, வெளியே போகும் நிலைக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இன்னொன்று, ஒரு பீட்டா செல்லில் சுமார் 10,000 பைகள் இருக்கின்றன. அவற்றில் சவ்வோரம் ஒட்டி, கால்சியம் வந்தால் உடனே வெடிக்கத் தயாராக நிற்பவை நூறு அளவில்தான். முதல் கட்டத்தில் பெரும்பாலும் அவை தீர்கின்றன. பிறகு பின்னால் கிடங்கில் இருக்கும் பைகளைச் சவ்வுக்குக் கொண்டுவந்து தயார்ப்படுத்த வேண்டும், அதன் வேகம்தான் இரண்டாம் கட்டம். இரண்டு கட்டத்திலும் வருவது பெரும்பாலும் ஏற்கெனவே செய்து வைத்த சரக்குதான்.

அந்த வேகத்தையும் குளுக்கோஸே கூட்டுகிறது, பொட்டாசியம் வாசலின் உதவி இல்லாமலேயே. 1992-இல் பெல்ஜியத்தில் ஜான்-க்ளோட் ஆன்கேன் குழு சுண்டெலியின் கணையத் தீவுகளில், அதாவது பீட்டா செல்கள் இருக்கும் செல் கொத்துகளில், இதைக் காட்டியது. டயசாக்சைடு என்ற மருந்தால் வாசலைத் திறந்தே வைத்துவிட்டார்கள், வெளியே பொட்டாசியத்தைக் கூட்டிக் கால்சியத்தை உள்ளே வரவைத்தார்கள். இனி குளுக்கோஸ் வாசலை மூட வழியில்லை. அப்படியும் குளுக்கோஸைக் கூட்டக் கூட்ட இன்சுலினும் கூடியது. அதாவது கால்சியம் தூண்டிவிடுகிறது, குளுக்கோஸின் எரிப்பு அதைப் பெருக்கவும் செய்கிறது.

சரி, இப்போது மிகப் பரவலான குழப்பம். பாடநூலில் வரும் அந்தக் கூர்மையான முதல் முகடும் பிறகு மெல்ல ஏறும் இரண்டாம் மேடும், நரம்பில் குளுக்கோஸைச் சட்டென்று ஏற்றி உயரத்திலேயே பிடித்து வைத்தால் கிடைக்கும் படம். நான்கு இட்லி சாப்பிட்டால் அது வராது. இரைப்பை உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடலுக்கு விடுகிறது, சர்க்கரை முக்கால் மணி, ஒரு மணி நேரம் எடுத்து ஏறுகிறது, குடலில் இருந்து ஜிஎல்பி-1, ஜிஐபி என்ற ஹார்மோன்களும் வந்து பீட்டா செல்லை உசுப்புகின்றன. எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்து, இன்சுலின் ஒரே மேடாகத் தெரியும். வரைபடத்தில் இரண்டு முகடு இல்லையே என்று பதற வேண்டாம். சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்க வேண்டியது முதல் அரை மணி நேரம். அந்த நேரத்து இன்சுலின் கணையத்தில் இருந்து நேராகக் கல்லீரலுக்குப் போய், அது குளுக்கோஸை வெளியே விடுவதை நிறுத்தச் சொல்கிறது. அந்தச் சேதி தாமதமானால் உணவில் இருந்தும் கல்லீரலில் இருந்தும் ஒரே சமயத்தில் சர்க்கரை வரும்.

பரிசோதனைக் கூட அறிக்கையில் இது எப்படி ஏமாற்றும் என்று பாருங்கள். எண்கள் கணக்குக்காக நானே வைத்தவை. 75 கிராம் குளுக்கோஸ் குடித்த இருவர். முதலாமவருக்குச் சர்க்கரை 88, அரை மணியில் 130, இரண்டு மணியில் 105. இன்சுலின் 6, 50, 25. இரண்டாமவருக்குச் சர்க்கரை 108, 175, 165. இன்சுலின் 10, 20, 80. கடைசி எண்ணை மட்டும் பார்ப்பவர், "இவருக்கு 80 இருக்கே, கணையம் பிரமாதம்" என்பார். முதல் அரை மணியைக் கணக்கிடுங்கள். முதலாமவருக்குச் சர்க்கரை 42 ஏற, இன்சுலின் 44 ஏறியிருக்கிறது, ஒன்றுக்கு ஒன்று. இரண்டாமவருக்குச் சர்க்கரை 67 ஏறியும் இன்சுலின் வெறும் 10 ஏறியிருக்கிறது, விகிதம் 0.15. ஆரம்ப வேகம் போய்விட்டது, சர்க்கரை உயர்ந்தே நிற்பதால் பின்னால் வந்த இரண்டாம் கட்டம் துரத்திக்கொண்டு ஓடுகிறது. அந்த 80, தாமதத்துக்குக் கட்டிய அபராதம். வெறும் வயிற்றிலும் இரண்டாவது மணியிலும் மட்டும் ரத்தம் எடுத்திருந்தால் இந்தக் கதை முழுவதுமே அறிக்கையில் இருந்திருக்காது.